ஏறும் பங்கில் புல் புட் ஸ்ப்ரெட்: ஸ்ட்ரைக்கும் வெளியேறலும்

கேள்வி: ஏறுமுகப் பங்கில் புல் புட் ஸ்ப்ரெட் போட எந்த ஸ்ட்ரைக் எடுப்பது, எப்போது வெளியேறுவது?

விற்கும் புட், பங்கு அண்மையில் இறங்கித் திரும்பிய இடத்துக்குக் கீழே இருக்கட்டும். பங்கு 500-ல் இருக்கிறது, முன்பு 475-ல் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். காலாவதிக்கு ஐந்து வாரம் இருக்கையில் 470 புட்டை 7.50-க்கு விற்று, 460 புட்டை 5-க்கு வாங்கினால் கையில் 2.50 நிற்கும். அதிகபட்ச நஷ்டம் 7.50, சமநிலை 467.50. வரவைவிட நஷ்டம் மூன்று மடங்கு என்பதை மறக்கவே கூடாது.

அதனால் நான் இரண்டு லாட்டாகவே போடுவேன். ஸ்ப்ரெட்டின் விலை 1.25-க்கு இறங்கியதும் ஒரு லாட்டில் இரண்டு கால்களையும் சேர்த்தே மூடிவிடுவேன். விற்றதை விட்டுவிட்டு வாங்கிய புட்டை மட்டும் விற்றால் பாதுகாப்பு போய்விடும். அப்புறம் மீதி லாட்டை, பங்கு 475-க்குக் கீழே முடிந்த அன்றே மூடிவிடுவேன். காலாவதி வாரம்வரை இழுப்பதில்லை. அப்போது சின்ன இறக்கமே லாபத்தைத் தின்றுவிடும்.