கேலியும் செய்தியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எழுதிய சிறுகதை ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரகுவும் சுந்தரமும் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள். ரகு பணி ஓய்வு பெறும் நாளில் நண்பர்கள் கூடி ‘ரோஸ்ட்’ நடத்துகிறார்கள். ஒவ்வொருவராக மேடையேறி அவனைக் கேலி செய்கிறார்கள். சுந்தரத்தின் கேலி ஒன்று எல்லை மீறிவிடுகிறது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் இருவருக்கும் பேச்சில்லை. கடைசியில் சுந்தரம் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது ரகு வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். படித்தவர்கள் எல்லோரும் முடிவு ஒட்டவில்லை என்கிறார்கள். “ஒரு ஜோக்குக்கா ஆறு வருடம் பேசாமல் இருப்பார்கள்?” என்று ஒருவர் கேட்டே விட்டார். முடிவை எப்படி மாற்றலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

முடிவை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த நண்பரின் கேள்வி முடிவைப் பற்றியதே அல்ல. உங்கள் கதையில் ஜோக் இல்லை. “சுந்தரம் அந்தப் பழைய கடன் விஷயத்தை எடுத்துவிட்டான். அரங்கம் அதிர்ந்தது. ரகுவின் முகம் இருண்டது” என்று மூன்று வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். அரங்கம் சிரித்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள், வாசகர் சிரிக்கவில்லை. முகம் இருண்டது என்கிறீர்கள், ஏன் என்று அவருக்குத் தெரியாது. தான் கேட்காத ஒரு ஜோக்குக்காக ஆறு ஆண்டு மௌனத்தை அவர் நம்ப வேண்டும் என்றால் எப்படி நம்புவார்?

ஜோக்கை எழுதத் தயங்கியது எனக்குப் புரிகிறது. எழுதினால் அது உண்மையிலேயே சிரிப்பு வரவழைக்க வேண்டும், அதே சமயம் குத்தவும் வேண்டும். ஆனால் அதற்கான பொருள் உங்கள் கையிலேயே இருக்கிறது. ரகு தன் மகளின் படிப்புக்காகச் சுந்தரத்திடம் ரகசியமாகக் கடன் வாங்கினான், எட்டு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தான், வீட்டில் யாருக்கும் தெரியாது என்று மருத்துவமனைக் காட்சியில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கதையே அந்த வரிதான். அதை எடுத்து மேடைக்குக் கொண்டுவாருங்கள். சுந்தரம் இப்படிப் பேசட்டும்:

“இவன் மகள் பட்டம் வாங்கினாள், எல்லோருக்கும் தெரியும். பணம் கட்டியது நான், அது யாருக்கும் தெரியாது. எட்டு வருடம் தவணையில் திருப்பிக் கொடுத்தான் இந்தக் கணக்குப் புலி. அதிலும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டான்!”

அரங்கம் கைதட்டிச் சிரிக்கும். ரகுவின் கறார்த்தனம் அலுவலகம் முழுவதும் அறிந்தது, நண்பனிடமே ரசீது கேட்டான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள். சுந்தரத்தின் காதில் இது பாராட்டு. கடைசிக் காசு வரை திருப்பிக் கொடுத்த யோக்கியன் என் நண்பன் என்றுதான் அவன் சொல்கிறான். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளின் காதில் அது வேறு. தன் படிப்பு ஒரு கடன் என்பதை அவள் அந்த நொடியில், மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறாள். மனைவி திரும்பி ரகுவைப் பார்க்கிறாள். இவ்வளவு போதும், முகம் இருண்டது என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

ரோஸ்ட் என்பது அறிந்ததைக் கொண்டு ஆடும் ஆட்டம். வழுக்கை, குறட்டை, கஞ்சத்தனம், எப்போதும் தாமதமாக வருவது என எதைச் சொன்னாலும் அது அரங்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும். எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் பாதகமில்லை, கேலிக்கு ஆளாகிறவன் புதிதாக எதையும் இழப்பதில்லை. அரங்கத்தில் ஒரே ஒருவருக்காவது அது புதிய செய்தியாகப் போய்ச் சேர்ந்தால் ஆட்டம் அங்கே முடிந்துவிட்டது. பேசியவனுக்கு அது தெரியாது, கைதட்டல்தான் அவனுக்குக் கேட்கிறது. ஆகவே, எல்லை மீறிய கேலி என்றால் மிகக் கொடூரமான கேலியாக இருக்க வேண்டும் என்று நினைத்து ஜோக்கைக் காரமாக்கிவிடாதீர்கள். உங்கள் கதையில் குத்துகிற ஜோக், அன்று மாலை சொல்லப்பட்டவற்றிலேயே மென்மையானதாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு முன் நாலைந்து முரட்டு ஜோக்குகள் வரட்டும், வாசகரும் கூடச் சேர்ந்து சிரிக்கட்டும். அந்தச் சிரிப்போடு அவர் கடன் ஜோக்குக்குள்ளும் நுழைந்துவிட்டால், மகளின் முகத்தைப் பார்க்கும்போது அவருக்கும் கொஞ்சம் கூசும்.

இந்த மேடை வடிவத்தைப் பிரபலமாக்கியது நியூயார்க்கின் ஃப்ரையர்ஸ் கிளப். நாங்கள் நேசிப்பவர்களை மட்டும்தான் வறுத்தெடுப்போம் என்பது அவர்களுடைய வாசகம். அதில் ஒரு நடைமுறை உண்டு: எல்லோரும் பேசி முடித்த பிறகு, கேலிக்கு ஆளானவர் கடைசியாக எழுந்து ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுப்பார். அந்தக் கடைசிப் பேச்சு இருப்பதால்தான் அத்தனை பேர் ஒருவனைச் சுற்றி நின்று அடிப்பது விளையாட்டாகவே நீடிக்கிறது. உங்கள் கதையில் ரகு பேசும் கட்டமே இல்லை, விழா முடிந்தது என்று தாண்டிவிட்டீர்கள். அந்தக் கட்டத்தை எழுதுங்கள். ரகு எழுந்து ஒலிபெருக்கி முன் வருகிறான். சட்டைப் பையில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இருக்கின்றன, சுந்தரத்துக்கு மட்டுமே தனியாக ஒரு தாள். அவன் தாளை எடுக்கவில்லை. “எல்லோருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். நெகிழ்ந்துவிட்டான் என்று நினைத்து அதற்கும் கைதட்டுகிறார்கள். சுந்தரம்தான் முதலில் தட்டுகிறான்.

அடுத்தது மௌனம். “ஆறு ஆண்டுகள் ஓடின” என்ற வரியை அடித்துவிட்டு, முதல் வாரத்தை எழுதுங்கள். பழைய நண்பர்கள் சண்டை போட்டுப் பிரிவது குறைவு. இரண்டு நாள் கழித்துச் சுந்தரம் தொலைபேசியில் கூப்பிடுவான். கூப்பிடாமல் இருக்க மாட்டான், கெட்டவன் இல்லையே. “என்னடா, கோபமா? சும்மா ஒரு ஜோக்தானே. மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்” என்பான். புண்பட்டிருந்தால்! புண்பட்டதா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையும் இப்போது ரகுவின் தலையில். ரகுவோ “சேச்சே, கோபமெல்லாம் இல்லை” என்பான். பிரிவு தொடங்குவது இந்தப் பதிலில். கோபம் என்று சொல்லியிருந்தால் அன்றே அரைமணி நேரம் கத்தித் தீர்த்திருப்பார்கள். இல்லை என்று சொன்ன பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த அழைப்பை எடுக்கவில்லை, பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டான், பிறகு கூப்பிட ஒரு காரணம் தேவைப்பட்டது. இப்படி ஒரு பக்கம் எழுதிவிட்டால் ஆறு ஆண்டுகளை வாசகர் தானாகவே நம்புவார், எண்ணிக்கைகூடத் தேவைப்படாது.

இங்கே எனக்குத் திருக்குறளில் பழைமை அதிகாரத்தின் 805ஆம் குறள் நினைவுக்கு வருகிறது: “பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்.” நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்தால் அதை அறியாமை என்றோ, மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்கிறார் வள்ளுவர். ரகு இரண்டையும் முயன்று பார்க்கட்டும். அறியாமை என்று எடுத்துக்கொள்ளலாம் என்றால், வீட்டில் தெரிய வேண்டாம் என்று கடன் வாங்கிய அன்றே சுந்தரத்திடம் சொல்லியிருக்கிறான். உரிமை என்று எடுத்துக்கொள்ளலாம் என்றால், தன்னைப் பற்றிப் பேசச் சுந்தரத்துக்கு உரிமை உண்டு, மகளுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல உண்டா? இந்த இடத்தில் அவன் சிக்கிக்கொள்வதுதான் உங்கள் கதையின் நடுப்பகுதி.

அதோடு, ரகுவின் கோபத்தில் ஒரு பங்கு அவன்மீதே இருக்கிறது. அன்று இரவு மகள் “ஏன் அப்பா என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டிருப்பாள். அவனிடம் பதில் இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக அலுவலகத்தில் போனஸ் வந்தது என்று பொய் சொல்லி வந்தவன் அவன். அந்தப் பொய்யைப் பிடித்துக் கொடுத்தவன் சுந்தரம். நம் பொய்யை வெளிப்படுத்தியவனை மன்னிப்பது, நம்மைப் பற்றிப் பொய் சொன்னவனை மன்னிப்பதைவிடக் கஷ்டம். இது வந்துவிட்டால் ரகு வெறும் பாதிக்கப்பட்டவனாக நிற்க மாட்டான், சமாதானத்துக்கு அவனும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

இனி மருத்துவமனை. அதை நீக்கிவிடுங்கள் என்றே சொல்வேன். சாகக் கிடக்கிறவனை யாரும் மன்னித்துவிடுவார்கள், அங்கே ரகு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, நோய் அவனுக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது. இருவரும் நல்ல உடல்நிலையில், எழுந்து போய்விட முடிகிற நிலையில் சந்திக்க வேண்டும். பொதுவான ஒரு நண்பர் வீட்டு விசேஷத்தில் வாசலருகே நாற்காலிகள் அடுத்தடுத்து அமைந்துவிட்டன என்பது போதும். சுந்தரம் என்ன சொல்வான்? தொலைபேசியில் சொன்ன மன்னிப்பையே கண்ணீரோடு திருப்பிச் சொன்னால் அது பலிக்காது. தான் செய்தது எது என்பதை அவன் பெயரிட்டுச் சொல்ல வேண்டும்: “அதை உன் மகள் முன்னால் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். பேச்சை எழுதும்போது ஒருமுறை அடித்தேன். நன்றாகச் சிரிப்பார்கள் என்று தோன்றியது, மறுபடி எழுதிக்கொண்டேன்.” அடித்துவிட்டு மறுபடி எழுதினான் என்ற விவரத்தை வாசகர் முதல்முறையாக இங்கேதான் கேட்க வேண்டும். அது சுந்தரத்தின் குற்றத்தைக் கூட்டுகிறது, ஆனால் ரகு இத்தனை காலம் கேட்க விரும்பியதும் அதைத்தான்.

ரகு அதற்கு மன்னித்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. அன்று மேடையில் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்லட்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ரசீது கேட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னாயே. கேட்டது உண்மை. எட்டு வருடத்தில் ஒன்றாவது கொடுத்தாயாடா?” என்று கேட்கட்டும். சுந்தரம் சிரித்தானா என்று எழுத வேண்டாம்.

மகளை இந்தக் காட்சிக்குள் அழைத்து வராதீர்கள். உங்கள் பிரதியில் அவள் கடைசியில் இருவரையும் பார்த்துப் புன்னகைக்கிறாள். அவள் அன்று இழந்ததற்கு இந்தச் சமாதானம் ஈடாகாது, அவள் சுந்தரத்தோடு பேசுவாளா என்பது வேறொரு கதை. மூவரையும் ஒரே பத்தியில் சேர்த்து வைத்தால் உங்கள் நண்பர்கள் மறுபடியும் ஒட்டவில்லை என்றுதான் சொல்வார்கள். திருத்தி எழுதியதும் அனுப்புங்கள். முதலில் அந்த நாலைந்து முரட்டு ஜோக்குகளை எழுதிப் பாருங்கள், அவற்றை மட்டும் எங்கிருந்தும் கடன் வாங்காதீர்கள்.