மளிகை மொத்த வியாபாரத்தில் பணம் முடங்கும் நாட்களில் எதைக் குறைப்பது எளிது?

கேள்வி: லாபம் வருகிறது, கையில் காசு நிற்பதில்லை. சரக்கு, வசூல், கொள்முதல் கடன் மூன்றில் எதில் முதலில் கை வைக்கலாம்?

பதில்: என் ஓட்டு சரக்குக்கு. ஒரு நாளைக்கு 1 லட்சம் அடக்கவிலைக்கு விற்பவரிடம் குடோனில் 40 லட்சம் சரக்கு இருந்தால் 40 நாள். கடைக்காரர்கள் பணம் தர 35 நாள். மில்லுக்கு நாம் கொடுப்பது 15 நாளில். 40 + 35 − 15 = 60 நாள்; தோராயமாக 60 லட்சம் முடங்கிக் கிடக்கிறது.

வசூலை நெருக்கினால் கடைக்காரர் அடுத்த மொத்தக் கடைக்குப் போவார். மில்லிடம் தவணை நீட்டினால் விலையில் ஏற்றிவிடுவார்கள். குடோன் மட்டும்தான் யார் சம்மதமும் கேட்காதது.

ஆனால் எல்லாச் சரக்கையும் ஒரே விகிதத்தில் வெட்டாதீர்கள். துவரம்பருப்பும் சர்க்கரையும் தீர்ந்தால் வாடிக்கை போய்விடும். ஒவ்வொரு ரகத்தின் கடைசி விற்பனைத் தேதியைப் பாருங்கள். அசையாத ரகங்கள் 12 லட்சம் என்று வைப்போம். ஆண்டுக்கு 12% ஓவர்டிராஃப்ட் வட்டியில் மாதம் 12,000 ரூபாய் போகிறது. 5% நட்டத்தில் தள்ளினால் 60,000 இழப்பு, அதாவது ஐந்து மாத வட்டி. அதற்கு மேல் கிடக்கும் என்று தோன்றினால் இன்றே தள்ளுங்கள். விலை ஏறும் என்று பதுக்கி வைத்திருப்பது வேறு கதை. அது வியாபாரமல்ல, பந்தயம்.