கடைசி பெஞ்சு வாசகம்: கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு வாசகம் எழுதித் தரும் அண்ணன் பதில் சொல்கிறார்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: அண்ணே, 2000-ல பத்தாவது முடிச்ச பேட்ச். 25 வருஷம் கழிச்சு கூடுறோம். "காலங்கள் ஓடினாலும் நட்பு மாறாது"ன்னு போட்டிருக்கோம். சிரிப்பு வரல. என்ன பண்ணலாம்?

அந்த வரி எந்தப் பள்ளிக்கும் பொருந்தும், அதான் கோளாறு. நட்பு, காலம், நினைவு மூணையும் தூக்கிப் போடுங்க. வகுப்புல தினமும் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்குங்க. வருகைப் பதிவு எடுக்கும்போது, மட்டம் போட்டவனுக்குப் பதிலா பக்கத்துல இருக்கிறவன் குரல மாத்தி "உள்ளேன் ஐயா" சொல்லுவான்ல, அதையே வச்சுக்கலாம். முதல்ல இப்படித்தான் வரும்: "அன்று உள்ளேன் ஐயா, இன்றும் உள்ளேன் ஐயா." பரவாயில்ல, ஆனா சப்புன்னு இருக்கு. அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணா இருந்தா யாரு சிரிப்பா? இன்னைக்கு என்ன தலைகீழாயிருக்குன்னு பாருங்க. தொப்பை, வழுக்கை, நரை. ஹாலுக்குள்ள வர்ற ஆளயே அடையாளம் தெரியாது. அப்போ:

"அன்று: வராதவனுக்கும் 'உள்ளேன் ஐயா' சொன்னோம்.
இன்று: வந்தவனையே 'யாருய்யா நீ?' என்கிறோம்!"

'வழுக்கை'ங்கிற சொல்லே இதுல இல்ல பாருங்க. படிக்கிறவன் தானாத் தலையத் தடவிப்பான். கேலி 'நாம' மேல விழுது, தனி ஆள் மேல இல்ல. பட்டப்பெயர் வேண்டாம்னு சொல்றதும் இதுக்குத்தான். அந்தப் பெயரை அவன் பிள்ளைங்க முன்னாடி பத்தடி ஃப்ளெக்ஸ்ல பார்த்தா, மத்தியானச் சாப்பாட்டுக்கே நிக்க மாட்டான்.

திருவாரூர் நண்பர்: எதுகை மோனை இருந்தாத்தானே மனசுல நிக்கும்? அது இல்லாம எழுதலாமா?

பாதி சரி தம்பி. முதல் எழுத்து ஒத்து வந்தா காதுல நிக்கும். மேல இருக்கிற வரியில 'வராதவன்', 'வந்தவன்' ஒத்துப்போறதும் அதான். ஆனா எதுகைக்காகப் பொய்யா ஒரு சொல்லக் கொண்டு வந்தா தேர்தல் சுவரொட்டி ஆயிடும். ரோட்டோர ஃப்ளெக்ஸ்னா ரெண்டு வரிக்கு மேல போகாதீங்க, பைக்ல போறவன் அவ்வளவுதான் படிப்பான். குரூப் போட்டோவுக்குக் கீழேன்னா நாலு வரி கூடத் தாங்கும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: "2000-ல் தேர்ச்சி பெற்ற மாணவர்கள்"னு குரூப்ல போட்டாங்க. நான் அந்த வருஷம் கணக்குல பெயில். வரலாமா?

வராம? தப்பு வாசகத்துல இருக்கு, உங்க கிட்ட இல்ல. "2000-ல் பத்தாம் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள்"னு மாத்தச் சொல்லுங்க. நடுவுல வேற ஊருக்கு மாறிப் போனவங்களும் அதுல வந்துடுவாங்க. பெயில் ஆனதையே நகைச்சுவையா போடணும்னா நீங்களே மைக்கைப் பிடிச்சுச் சொல்லணும், அடுத்தவன் எழுதக் கூடாது.

பேராவூரணி அக்கா: எங்க ஊர் மணம் இருக்கணும் தம்பி. சும்மா காவிரி, பச்சை வயல்னு எழுதாம.

நீங்க காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைக்காரங்க, உங்களுக்குத்தான் நல்ல வரி கிடைக்கும் அக்கா. வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறப்பு. கல்லணைக்கு வந்து சேரவே மூணு நாலு நாள் ஆகும், உங்க வாய்க்காலுக்கு எப்போன்னு மடைகிட்ட நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கிறதும் அதே ஜூன். ரெண்டையும் கோர்த்துப் பாருங்க:

"மேட்டூர் தண்ணி கடைமடைக்கு வந்துடுச்சு.
வாத்தியார் சொன்னது கடைசி பெஞ்சுக்கு வர 25 வருஷமாச்சு!"

ஒரு எச்சரிக்கை. தண்ணி வராத வருஷத்துல இத ஒட்டினீங்கன்னா ஊரே முறைக்கும். மழையையும் அணையையும் பார்த்துட்டு அச்சுக்குக் குடுங்க. சென்னையில குடியேறின பிள்ளைங்களுக்கு 'கடைமடை' புரியாது, அவங்களுக்காக வரியை மாத்தாதீங்க.

மாயவரம் நண்பர்: எங்க பேட்ச்ல ரெண்டு பேர் இறந்துட்டாங்க. சிரிப்பு வாசகத்துக்குக் கீழ அவங்க படம் போடலாமா?

ஒரே ஃப்ளெக்ஸ்ல வேண்டாங்கிறது என் கருத்து. உள்ள தனியா ஒரு மேஜை, படம், பெயர் போதும்.

அதே ஊர் இன்னொருவர்: ஒத்துக்க மாட்டேன் அண்ணே. எங்கள்ல ரொம்பச் சிரிக்க வச்சவனே அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன்தான். அவனை ஒதுக்கி வச்சிட்டுச் சிரிக்கிறதா?

நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவங்க வீட்டு ஆளுங்க கிட்டயே கேட்டுடுங்க, அவங்க சொல்றதுதான்.

பாபநாசம் சகோதரி: சார், என் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. பிரிவு விழாவுக்கு இதே வாசகம் எடுத்துக்கலாமா?

வேண்டாம்மா. 'யாருய்யா நீ?' சொல்ல அவங்களுக்கு இன்னும் தொப்பை போடலையே. "நாளைக்கு ஹோம்வொர்க் இல்லை" போதும், கைதட்டல் அள்ளும்.