இரண்டு மணிநேரப் பதிவில் எதை வெட்டுவது?

கேள்வி: கிளிநொச்சியில் கச்சான் செய்கை பற்றி நடத்திய சூம் வகுப்பின் பதிவு இருக்கு. கட்டண வகுப்புக்கு ஆள் சேர்க்க எந்த இடத்தை வெட்டலாம்?

நேரே கேள்வி-பதில் பகுதிக்குப் போங்கள். "பூத்த பிறகு ஏன் மண் அணைக்கோணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், கிளிப் அந்தக் கேள்வியிலேயே தொடங்கட்டும், வணக்கமும் அறிமுகமும் வேண்டாம். பூவிலிருந்து கீழே வளரும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும் என்ற பதிலை முழுதாகக் கொடுங்கள். பாதியில் நிறுத்தி "மீதி வகுப்பில்" என்றால் நம்பிக்கை போய்விடும். எப்போது, எப்படி அணைப்பது என்பதுதான் வகுப்புக்கு உரியது. அது வகுப்பில் இருக்கு என்பதை மட்டும் கடைசி மூன்று விநாடிகளில் எழுத்தாகக் காட்டினால் போதும்.

அப்புறம் வசன எழுத்து. பலர் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்கள். தானாக வரும் எழுத்து எங்கள் பேச்சுச் சொற்களை அடிக்கடி பிழையாகப் பிடிக்கும், வரிவரியாகத் திருத்துங்கள். நெடுக்கு வீடியோவின் அடிப்பகுதியைச் செயலியின் பொத்தான்கள் மறைப்பதால், எழுத்தைச் சற்று மேலே இரண்டு வரிக்குள் வையுங்கள். கேட்டவரின் முகமோ பெயரோ தெரிந்தால் அவரிடம் அனுமதி வாங்குங்கள்.