நண்பனின் முகத்துக்கு ஒரு கவசம்

அண்ணா, வணக்கம்.

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். டேப்லெட்டில் படம் வரைவேன். என் நண்பனை மாயக்கதை வீரனாக வரைந்து, பிறந்தநாளுக்கு பிரேம் போட்டுத் தரலாம் என்று ஆரம்பித்தேன். மலைக்கோட்டைக் காவலன், இரும்புக் கவசம், பின்னால் எரியும் காடு. முகத்தை மட்டும் வரைந்தபோது அச்சு அசல் அவனேதான். தலைக்கவசம், தோள்தகடு, பின்னணி எல்லாம் போட்டு முடித்ததும் அவன் அக்காவே "யாருப்பா இது, ஏதாவது தெலுங்குப் பட ஹீரோவா?" என்று கேட்டுவிட்டார். முகத்தில் ஒரு கோடுகூட மாற்றவில்லை அண்ணா. பார்த்து வரைந்த செல்ஃபியையும் முடித்த படத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? அப்புறம் ஒன்று, அவன் இடதுகைக்காரன். வாளை எந்தப் பக்கம் மாட்டுவது?

கே., குன்னூர்

அன்புள்ள தம்பி,

கோடு மாறவில்லைதான், ஒன்றின்மேல் ஒன்று வைத்தே பார்த்துவிட்டேன். ஆனால் உங்கள் நண்பரைத் தெருமுனையில் பார்த்ததும் தெரிந்துகொள்கிறோமே, அது கண்ணையும் மூக்கையும் பார்த்தா? அவ்வளவு தூரத்தில் கண்ணே சரியாகத் தெரியாது. போட்டோவில் நான் பார்த்தவரைக்கும் அவருடைய அடையாளம் ஏறிய நெற்றி, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற காது, நீளமான கழுத்து, தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிற விதம். இந்த நான்கையும் உங்கள் கவசம் சாப்பிட்டுவிட்டது. நெற்றியும் காதும் தலைக்கவசத்துக்குள்ளே போய்விட்டன, தோள்தகடு காதுமடல் வரை எழும்பிக் கழுத்தே இல்லாமல் ஆக்கிவிட்டது, வீரன் என்றால் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும் என்று தலையையும் நேராக்கிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு மீசை. அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

நெற்றியிலிருந்து தொடங்குவோம். சராசரி முகத்தை முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை நுனி என்று ஏறக்குறைய மூன்று சமபாகமாகப் பிரிக்கலாம் என்பது வரைகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய கணக்கு. உங்கள் நண்பருக்கு மேல்பாகம் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிது. தலைக்கவசத்தின் விளிம்பைப் புருவத்துக்கு இறக்கியதும் அந்தப் பாகம் மறைந்துவிடுகிறது, பார்க்கிறவர் மனசு அங்கே ஒரு சராசரி நெற்றியைத் தானாக வைத்துக்கொள்கிறது. அக்காவுக்குத் தம்பியைத் தெரியாமல் போனதற்கு இது ஒன்றே போதும்.

எளிய வழி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவது. இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்கட்டும், போர் முடிந்து நிற்கிறார் என்று கதையும் சேர்ந்துவிடும். இல்லை, தலையில்தான் இருக்க வேண்டும் என்றால் விளிம்பை முடி தொடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். மூக்குத்தகடு வேண்டாம், கன்னத்தகடு வேண்டாம். காதை மூடுகிற இரும்புக்குப் பதிலாகக் காதுக்குப் பின்னால் தொங்குகிற வளையச் சங்கிலித் திரை போடலாம், நம் நாட்டுப் பழைய தலைக்கவசங்களில் பிடரியைக் காக்க அப்படி ஒரு திரை உண்டு. இன்னொன்றும் பாருங்கள். உங்கள் படத்தில் இரும்பு மண்டையோட்டில் ஒட்டினாற்போல் இருக்கிறது. உள்ளே பஞ்சோ துணியோ வைத்துத் தைத்த மெத்தை இல்லாமல் யாரும் இரும்பைத் தலையில் வைக்க முடியாது, அடி அப்படியே மண்டையில் இறங்கும். அந்தத் தடிமனுக்குத் தக்கபடி தலைக்கவசத்தை வெளியே தள்ளி வரைந்தால்தான் உள்ளே ஒரு முழுத் தலை இருப்பதாகத் தோன்றும். இல்லாவிட்டால் முகம் கீழே பெரிதாகவும் தலை மேலே சின்னதாகவும் ஆகி, வேறு ஆளாகிவிடுவார்.

கழுத்துக்கு வருவோம். காதுவரை எழும்பும் தோள்தகடு விளையாட்டுகளின் போஸ்டர்களிலிருந்து நமக்கெல்லாம் தொற்றிக்கொண்ட பழக்கம். தோள் அகல அகலத் தலை சின்னதாகத் தெரியும், நீளக் கழுத்துக்காரருக்கு அடையாளமே போய்விடும். அதற்குப் பதில் சின்னச் சின்னத் தகடுகளைத் துளையிட்டுத் தோல்வாரால் வரிசை வரிசையாகக் கோத்த கவசம் போடுங்கள். அது தோளின் சரிவோடு சேர்ந்து விழும். ஒல்லியானவர் ஒல்லியாகவே தெரிவார், தலை சாய்ந்தால் தோளும் கூடவே சாயும். எல்லாத் தகட்டையும் வரைய உட்காராதீர்கள். நெஞ்சில் ஏழெட்டுத் தகட்டை மட்டும் துளை, முடிச்சு, துரு எல்லாம் தெரிய வரைந்துவிட்டு, மற்றதை வெறும் வரிசையாக விட்டுவிடலாம். கூரிய கோடும் அடர்ந்த கறுப்பு வெள்ளையும் எங்கே இருக்கிறதோ கண் முதலில் அங்கே போகும். இப்போது உங்கள் படத்தில் அது மார்புத்தகட்டின் சிங்க முத்திரையில் இருக்கிறது, முகத்தில் இல்லை. (முத்திரை பிரமாதம், மறுக்கவில்லை. இடுப்புப் பட்டைக்கு இறக்கிவிடுங்கள்.)

தோல் கவசமும் யோசிக்கலாம், அது நமக்கு அந்நியமும் இல்லை. புறநானூற்றில் 13ஆவது பாட்டு "இவன் யார் என்குவை ஆயின்" என்று தொடங்கி யானைமேல் வருகிற சோழனைக் காட்டும்போது, புலித்தோல் கவசத்தை அம்பு கிழித்திருப்பதைத்தான் முதலில் சொல்கிறது. புதுக் கவசத்தை விடக் கிழிந்த கவசம் ஆளைப் பற்றி அதிகம் பேசும். ஆனால் கிழிசலைக் கவசத்தோடு நிறுத்துங்கள், முகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் போட்ட வெட்டுத்தழும்பு இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கிறது. ஒருவரின் அடையாளத்தில் புருவத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை வெட்டினால் ஆளையே வெட்டியதுபோலத்தான். தழும்பு கட்டாயம் வேண்டும் என்றால் கன்னத்தின் சமதளத்தில், காதை நோக்கிப் போகட்டும்.

இப்போது பின்னணி. படத்தை உண்மையில் கெடுத்தது இதுதான் என்பேன். செல்ஃபியில் வெளிச்சம் ஜன்னலிலிருந்து, பக்கவாட்டில், மென்மையாக வருகிறது. படத்தில் காடு எரிகிறது, பளபளக்கும் மார்புத்தகடு அந்தத் தீயைத் தாடைக்கு அடியில் வீசுகிறது. முகத்தின் கோட்டை மாற்றவில்லை, சரி, நிழலை மாற்றிவிட்டீர்களே! நாம் முகங்களைப் பார்த்துப் பழகியது மேலிருந்து வரும் வெளிச்சத்தில். கீழிருந்து அடித்தால் புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் இருக்க வேண்டிய நிழல் மேலே போய்விடும், தினமும் பார்க்கிற முகமே அந்நியமாகத் தெரியும். டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தால் புரியும்.

குன்னூரில் இருந்துகொண்டு எரியும் காட்டை எதற்குத் தேடிப் போனீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வாசலில் நிற்கிற மூடுபனியே போதுமே. நான் இருக்கிற கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாறு பள்ளத்தாக்கு, எதிரே ரங்கசாமி மலை. பனி ஏறும்போது மலை அடுக்கடுக்காக வெளுத்துக்கொண்டே போகும், கடைசி அடுக்கு வானத்தோடு கலந்துவிடும். அந்த வெளுப்பை அப்படியே நண்பரின் தலைக்குப் பின்னால் வையுங்கள். கறுத்த முடியும், விரிந்த காதும், கழுத்தின் நீளமும் பனிக்கு எதிரே வெட்டியெடுத்ததுபோல் நிற்கும். முகத்தின் உள்ளே எதையும் வரையாமலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். கோட்டை வேண்டும் என்றால் பனிக்குள் பாதி தெரிகிற மாதிரி தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், தலைக்கு நேர் பின்னால் வேண்டாம், கொம்பு முளைத்ததுபோல் ஆகிவிடும். சிவப்பு இல்லாமல் மனசு கேட்காவிட்டால் சோலை ஓரத்தில் பூக்கிற காட்டுப்பூவரசு இருக்கிறது, கீழே கேடயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை.

பனி வெளிச்சத்தில் இரும்பு மின்னாது என்பதையும் கவனியுங்கள். மின்னல் கீற்று மாதிரி வெள்ளைக் கோடு போடாமல், வானத்தைப் பார்க்கிற பரப்பெல்லாம் அகலமாக மங்கிய வெளுப்பு, தரையைப் பார்க்கிற பரப்பெல்லாம் கறுப்பு. தாடைக்கு அடியில் விழும் எதிரொளியும் அதனால் தானாகவே அடங்கிவிடும்.

போட்டோவையும் மாற்றச் சொல்வேன். கை நீளத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு லென்ஸுக்குக் கிட்டே இருப்பதால் பெரிதாகும், காது பின்னால் ஒதுங்கிச் சின்னதாகும். காதே அடையாளமாக உள்ளவருக்கு இதைவிட மோசமான போட்டோ கிடையாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, வீட்டுக்கு வெளியே பனிமூட்ட நாளில் எடுங்கள். முகத்துக்கும் பின்னணிக்கும் ஒரே வெளிச்சம் கிடைத்துவிடும், பாதி வேலை அங்கேயே முடிந்தது.

வரைந்தபின் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் யார் என்று சொல்லாமல் காட்டுங்கள். யோசிக்காமல் பெயர் வர வேண்டும். "கண்ணு கொஞ்சம் அவனை மாதிரி..." என்று இழுத்தால் நெற்றிக்கும் காதுக்கும் திரும்பிப் போங்கள், கண்ணைத் தொடாதீர்கள். நண்பரிடமே கேட்டுப் பயனில்லை. அவர் தன் முகத்தை அதிகம் பார்த்தது கண்ணாடியில், இடம் வலம் மாறி. சரியாக வந்த படமும் அவருக்குக் கொஞ்சம் கோணலாகத் தோன்றும்.

இடம் வலம் என்றதும் வாள் ஞாபகம் வந்தது. இடதுகைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையை நீட்டி உருவுவார், எனவே உறை வலது இடுப்பில், கேடயம் வலது கையில். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் செல்ஃபியை ஒருமுறை பாருங்கள். சட்டைப்பை அவருடைய வலது மார்பில் இருக்கிறது. போன் கண்ணாடிப் பிம்பமாகச் சேமித்திருக்கிறது என்று அர்த்தம், வகிடும் மேலேறிய புருவமும் நீங்கள் வரைந்ததில் பக்கம் மாறித்தான் இருக்கின்றன. புதுப் போட்டோவை வேறு யாரையாவது பின் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள், அதன்பிறகு வாளை மாட்டலாம்.