முதலில் விவசாயி, பிறகு உங்கள் கடன், கடைசியில் மூலதனம்

கேள்வி: அக்கரைப்பற்றுப் பக்கத்தில் நானும் என் மைத்துனரும் ஒரு நண்பரும் 2:2:1 என்ற இலாப விகிதத்தில் அரிசி ஆலை நடத்தினோம். இப்போது மூடுகிறோம். மூலதனம் எனக்கு 18 லட்சம், மைத்துனருக்கு 14, நண்பருக்கு 6. இது தவிர நான் ஆலைக்குக் கொடுத்த கடன் வட்டியோடு 15 லட்சம். வங்கிக் கடன் 20 லட்சம், பெரும்போக நெல்லுக்கு விவசாயிகளுக்குக் கொடுக்கவேண்டியது 22 லட்சம். மைத்துனர் லொறியை 20 லட்சத்துக்குத் தனக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். என் கடனும் மூலதனமும் ஒன்றுதான், எல்லாம் கடைசியில்தான் என்றும் சொல்கிறார். அரிசி விற்ற காசில் என் கடனை முதலில் எடுத்துக்கொள்ளலாமா? ஐந்தொகை இணைத்துள்ளேன். சேமலாப நிதி நிலுவை 1 லட்சம் அதில் இல்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அரிசி விற்ற காசில் இப்போது நீங்கள் கை வைக்கக்கூடாது. அதே நேரம் உங்கள் மைத்துனர் சொல்வதும் சரியல்ல. பங்குடைமையைப் பொறுத்தவரை இலங்கையில் 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இங்கிலாந்துச் சட்டமே நடைமுறையில் உள்ளது. கலைக்கப்படும் பங்குடைமையின் சொத்து எந்த ஒழுங்கில் பங்கிடப்படவேண்டும் என்பதை 1890 ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம் 44 ஆம் பிரிவில் சொல்கிறது. பங்காளர் அல்லாத வெளியாருக்கான கடன்கள் முதலில் தீர்க்கப்படவேண்டும். அடுத்தது, பங்காளர் மூலதனத்துக்கு மேலதிகமாகக் கடனாகக் கொடுத்த பணம். அதற்குப் பிறகே மூலதனம். அப்போதும் ஏதாவது எஞ்சினால் அது இலாப விகிதத்தில் பிரியும். ஆகவே உங்கள் 15 லட்சம் விவசாயிகளுக்கும் வங்கிக்கும் பின்னால் நிற்கிறது. ஆனால் மூவரின் மூலதனத்துக்கும் முன்னால் நிற்கிறது.

இந்த ஒழுங்கைக் கணக்கில் காப்பாற்றுவதற்குத்தான், சொத்துக்களை விற்றுக் காசாக்குவதில் வரும் இலாப நட்டத்தைக் காட்டும் தேறல் கணக்கு திறக்கப்படுகிறது. உங்கள் ஐந்தொகையில் பொறிகள் 40 லட்சம், லொறி 24, நெல்லும் அரிசியுமாகக் கையிருப்பு 18, கடன்பட்டோர் 10 என்று காசல்லாத சொத்துக்கள் 92 லட்சம் இருக்கின்றன. இவை நான்கும் ஏட்டுப் பெறுமதியில் தேறல் கணக்கின் வரவுப் பக்கத்துக்கு மாற்றப்படவேண்டும். வங்கியில் உள்ள 3 லட்சத்தை அங்கே கொண்டுபோகக்கூடாது, ஏனென்றால் அது ஏற்கனவே காசாகத்தான் இருக்கிறது. உங்கள் கடனையும் அங்கே கொண்டுபோகக்கூடாது. வெளிக்கடன்களைத் தேறல் கணக்குக்கு மாற்றி அங்கிருந்தே தீர்க்கும் முறையும் உண்டு, அந்தந்தக் கணக்கிலேயே வைத்துத் தீர்த்துக் கழிவு கிடைத்தால் அதை மட்டும் மாற்றும் முறையும் உண்டு. இரண்டிலும் விடை ஒன்றுதான். பங்காளரின் கடன் மட்டும் எந்த முறையிலும் தனிக் கணக்காகவே நிற்கவேண்டும். பல ஆலைக் கணக்குகளில் அதை மூலதனத்தோடு கலந்துவிடுவதைப் பார்க்கிறோம். உங்கள் மைத்துனரின் வாதம் அப்படிப்பட்ட கணக்கில்தான் உயிர்பெறுகிறது.

இனி விற்பனை. பொறிகளுக்கு 26 லட்சமும் கையிருப்புக்கு 15 லட்சமும் கிடைத்து, கடன்பட்டோரிடம் 8 லட்சம் அறவாகியதாகக் கொள்வோம். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் விலைக்கேள்விகளைப் பார்த்தால் இவை மிகையான எதிர்பார்ப்புகள் அல்ல. இந்த 49 லட்சம் தேறல் கணக்கின் செலவுப் பக்கத்தில் பதிவாகும். லொறிக்குப் பேசிய 20 லட்சமும் அதே பக்கத்தில்தான் வரும், ஆனால் அதன் எதிர்ப்பதிவு வங்கிக் கணக்கில் விழாது, மைத்துனரின் மூலதனக் கணக்கில் வரவாக விழும். லொறியின் ஏட்டுப் பெறுமதி 24 லட்சம் என்பதற்காக 24 லட்சம் எழுதவேண்டியதில்லை. மூவரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட விலையே கணக்குக்கு உரியது. விற்பனைச் செலவாக 1 லட்சமும், ஐந்தொகையில் இல்லாத சேமலாப நிதி நிலுவை 1 லட்சமும் வரவுப் பக்கத்தில் சேரும். ஏட்டில் இல்லை என்பதற்காக ஒரு கடன் இல்லாமல் போய்விடாது; தொழிலாளியின் 8 வீதமும் உரிமையாளரின் 12 வீதமும் கட்டப்படாத மாதங்களை இப்போதே கூட்டிப் பாருங்கள், 1 லட்சம் என்பது கட்டத் தவறியதற்கான மேலதிகக் கட்டணமும் சேர்ந்த தொகையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரவுப் பக்கம் 94 லட்சம், செலவுப் பக்கம் 69 லட்சம். தேறல் நட்டம் 25 லட்சம். அது இலாப விகிதத்தில் உங்களுக்கு 10, மைத்துனருக்கு 10, நண்பருக்கு 5 என்று பிரிந்து மூலதனக் கணக்குகளுக்குப் போகும். மூலதனம் யார் எவ்வளவு போட்டார் என்பது இந்தப் பிரிப்பில் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

காசைப் பார்ப்போம். வங்கியில் இருந்த 3 லட்சத்தோடு 49 லட்சமும் சேர்ந்து 52 லட்சம். செலவும் சேமலாப நிதியும் போக 50 லட்சம். பொறிகள் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருப்பதால் அவற்றை விற்பதற்கே வங்கியின் விடுவிப்புத் தேவை. அந்த விலையிலிருந்து வங்கி தன் 20 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். விவசாயிகளுக்கு 22 லட்சம் கொடுத்த பிறகு மிஞ்சுவது 8 லட்சம் மட்டுமே. வெளியாருக்குக் காசு போதாமல் போயிருந்தால் அவர்கள் உங்கள் மூவரின் சொந்தச் சொத்துக்களையும் நாடியிருக்கலாம். உங்களில் வசதியுள்ளவரையே அவர்கள் முதலில் தேடி வருவார்கள் என்பதையும் மறந்துவிடவேண்டாம். நீங்கள் முன்னதாகவே அரிசிக் காசை எடுத்திருந்தால் அந்தத் தேடல் உங்கள் வீட்டில்தான் தொடங்கியிருக்கும்.

இந்த 8 லட்சம் முழுவதும் உங்கள் கடனுக்கு உரியது. நண்பர் தன் மூலதனத்தில் ஏதாவது இப்போதே தரும்படி கேட்டால், கடன் முழுதும் தீரும்வரை மூலதனத்துக்கு ஒரு ரூபாவும் போகமுடியாது என்று சொல்லுங்கள். உங்கள் கடனில் இன்னும் 7 லட்சம் நிலுவை. அது எங்கே இருக்கிறது?

மைத்துனரின் மூலதனக் கணக்கைத் திறந்து பாருங்கள். 14 லட்சத்தில் நட்டம் 10 போக மிஞ்சுவது 4. அதில் 20 லட்சத்து லொறியை எடுத்துவிட்டதால் கணக்கு 16 லட்சம் வரவு மீதி காட்டுகிறது, அதாவது அவ்வளவை அவர் ஆலைக்குத் தரவேண்டும். தன் பங்கிலிருந்து லொறியை எடுத்ததாக அவர் நினைக்கிறார், ஆனால் அவருடைய பங்கில் அவ்வளவு இல்லை. அவர் 16 லட்சத்தைக் காசாகக் கொண்டுவந்தே ஆகவேண்டும். கொண்டுவந்தால் கையில் 24 லட்சம் இருக்கும். உங்கள் கடன் 15, உங்கள் மூலதன மீதி 8, நண்பரின் மீதி 1, மொத்தம் 24. வங்கிக் கணக்கும் மூலதனக் கணக்குகளும் ஒரே நாளில் பூச்சியமாக மூடும். கடைசிக் காசோலை எழுதிய பிறகு வங்கியில் ஒரு தொகை மிஞ்சினாலோ குறைந்தாலோ, எங்கோ ஒரு பதிவு தவறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது பங்காளர் எடுத்துக்கொண்ட சொத்தாகவோ, முழுத் தொகையை மாற்றாமல் ஐயக்கடன் ஏற்பாட்டைக் கழித்து மாற்றிய கடன்பட்டோர் கணக்காகவோ இருக்கும்.

எனவே மைத்துனரின் 16 லட்சம் வங்கியில் விழும்வரை லொறியின் உரிமை மாற்றப் படிவத்தில் நீங்களும் நண்பரும் கையொப்பமிடவேண்டாம். காசு புரட்ட முடியாது என்று அவர் சொன்னால், லொறியை வெளியே 20 லட்சத்துக்கு விற்பதே எல்லோருக்கும் நல்லது: அப்போது கையில் 28 லட்சம் இருக்கும், உங்களுக்கு 23, நண்பருக்கு 1, மைத்துனருக்கே 4 லட்சம் கிடைக்கும். எவரும் எவரிடமும் கேட்டு நிற்கவேண்டியதில்லை. உறவுக்காரர் என்ற தயக்கத்தில் லொறியை முதலில் கொடுத்துவிட்டு காசைப் பிறகு கேட்பது நம் பக்கத்தில் சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் அதற்குப் பிறகு உறவும் கணக்கும் சேர்ந்தே கெடுகின்றன.

லொறி ஏற்கனவே அவர் கைக்குப் போய்விட்டது, அவரால் 12 லட்சம் மட்டுமே தரமுடிகிறது, மற்றபடி அவர் கையாலாகாத நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறையும் 4 லட்சத்தை யார் தாங்குவது? உங்கள் பங்குடைமை உடன்படிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், கார்னர் எதிர் மரே என்ற 1904 ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கின் விதி பொருந்தும். இந்தக் குறை தேறல் நட்டத்தைப்போல இலாப விகிதத்தில் பிரியாது. கலைப்புக்கு முன்பிருந்த மூலதன விகிதத்தில், அதாவது 18 க்கு 6 என்று, கடனிறுக்க வல்ல இருவர்மேல் விழும். உங்களுக்கு 3 லட்சம், நண்பருக்கு 1 லட்சம். கையிலுள்ள 20 லட்சத்தில் உங்கள் கடன் 15 உம் மூலதனம் 5 உம் கிடைக்கும், நண்பருக்கு எதுவும் கிடைக்காது. இலாப விகிதப்படி பிரித்தால் உங்கள் சுமை ஏறத்தாழ 2 லட்சத்து 67 ஆயிரமாகக் குறைந்து நண்பர் தன் கையிலிருந்து காசு போடவேண்டி வந்திருக்கும். மூலதனம் அதிகம் போட்டவருக்கே இந்த விதி பாரமாகிறது என்பதால் இது நியாயமா என்ற விவாதம் நெடுங்காலமாக உண்டு. என் பார்வையிலும் உடன்படிக்கை எழுதும்போதே வேறு விதமாக எழுதிக்கொள்வது நல்லது.

உங்கள் கடனை மூலதனத்தோடு சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கேதான் காணலாம். உங்கள் மூலதனம் 33 லட்சமாகிவிடும், விகிதம் 33 க்கு 6 ஆகும், அதே 4 லட்சத்தில் உங்கள் பங்கு ஏறத்தாழ 3 லட்சத்து 38 ஆயிரமாக உயரும். அதைவிடப் பெரிய இழப்பு, முதல் 8 லட்சத்தில் உங்களுக்கிருந்த முன்னுரிமை போய்விடுவது. ஆகவே கடன் கொடுத்த நாளில் எழுதிய பற்றுச்சீட்டு, வங்கி வைப்புத் துண்டு, அதைக் கடனென்று காட்டும் ஆண்டுக் கணக்குகள் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மைத்துனர் கொடுக்காமல் விட்ட 4 லட்சம் கணக்கில் மூடப்பட்டாலும் அவர்மீதான உங்கள் கோரிக்கை அழிந்துவிடாது; அதை எப்போது, எப்படி அறவிடலாம் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு முடிவதற்குக் காத்திராமல் இன்றே செய்யவேண்டியது ஒன்று உண்டு. வியாபாரப் பெயரைப் பதிவு செய்த அலுவலகத்தில் கலைப்பை அறிவியுங்கள். உங்களுக்குக் கடனுக்கு நெல் தந்துவந்த விவசாயிகளுக்கும், சாக்கும் டீசலும் தந்த கடைகளுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்பி, கையொப்பமிட்ட பிரதியை வாங்கி வையுங்கள். ஏற்கனவே கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கு வர்த்தமானி அறிவித்தல் மட்டும் போதாது. சிறுபோக நெல்லை யாராவது பழைய நம்பிக்கையில் ஆலைப் பெயரில் மைத்துனரிடம் ஏற்றிவிட்டால், அந்தக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பாகவேண்டி வரலாம்.