வாரண்டும் ஐகுல்ஸும்: மாற்றும் உரிமைக்கு என்ன விலை?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: அக்கா, வாரண்டும் ஆப்ஷனும் ஒன்றுதானே? இரண்டுமே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை. பிறகு ஏன் என் பங்குத் தரகரான ரெமிசியர் இரண்டையும் குழப்பாதே என்கிறார்?

உரிமை ஒரே மாதிரிதான் தம்பி. எதிரே நின்று கொடுக்கப்போவது யார் என்பதில்தான் வேறுபாடு. சந்தையில் பட்டியலிட்ட ஆப்ஷனில் நீங்கள் வாங்கினால் இன்னொருவர் விற்றிருப்பார், நடுவில் இரு பக்கத்துக்கும் பொறுப்பேற்கும் கிளியரிங் ஹவுஸ் நிற்கும். விலைப்படிகள், முதிர்வு மாதம் எல்லாவற்றையும் சந்தையே வகுத்து வைக்கும். நீங்களும் எழுதி விற்கலாம். மலேசியச் சந்தையான பர்சாவில் KLCI குறியீட்டின் மேல் உள்ள OKLI ஆப்ஷன் அப்படிப்பட்டது. அங்கே யார் லாபம் பார்த்தாலும் எந்த நிறுவனத்திலும் ஒரு பங்கு கூடுவதில்லை.

WA, WB என்று முடியும் நிறுவன வாரண்டில் எதிரே நிற்பது அந்த நிறுவனமேதான். நீங்கள் கட்டும் பணம் அதன் கணக்குக்குப் போகிறது, அது புதுப் பங்கு அச்சடித்துத் தருகிறது. விதிகள் எல்லாம் டீட் போல் என்ற ஆவணத்தில் இருக்கும். போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு வந்தால் விலையும் எண்ணிக்கையும் அதன்படி திருத்தப்படும். வழக்கமான ரொக்க டிவிடெண்டுக்குப் பொதுவாகத் திருத்தம் கிடையாது. டிவிடெண்ட் தாராளமாகத் தரும் நிறுவனத்தின் வாரண்ட் என்றால் இதை முதலில் பாருங்கள்: ஒவ்வொரு டிவிடெண்டும் தாய் பங்கின் விலையிலிருந்து கழியும், உங்கள் கைக்கு ஒன்றும் வராது.

ஜெலுத்தோங்கிலிருந்து: தாய் பங்கு 1.20 ரிங்கிட், என் WA 35 சென், பங்காக மாற்றக் கட்ட வேண்டிய எக்சர்சைஸ் விலை 1.00, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மொத்தம் 400 மில்லியன் பங்கு, 200 மில்லியன் வாரண்ட். எல்லாரும் மாற்றினால் பங்கு 1.13-க்கு இறங்கும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு முன்னால் நான் மாற்றிவிடலாமா?

பங்கு கூடினால் மதிப்பு நீர்த்துப்போகும் என்று யோசித்தது சரி. ஆனால் 480 மில்லியனோடு 200 மில்லியனைக் கூட்டி 600-ஆல் வகுத்தபோது ஒன்றை விட்டுவிட்டீர்கள். சந்தை 1.20 என்று சொல்வது, வாரண்டுகள் வெளியே இருப்பது தெரிந்த பிறகு சொல்லும் விலை. நீர்த்தல் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. நீங்கள் அதை இரண்டாவது முறை கழித்திருக்கிறீர்கள்.

நிறுவனத்தின் மேல் எல்லாருக்கும் உள்ள உரிமையின் மதிப்பைச் சேர்த்துப் பாருங்கள். பங்குகள் 480 மில்லியன், வாரண்டுகள் 35 சென் வீதம் 70 மில்லியன், ஆக 550. எல்லாரும் இன்றே மாற்றினால் 200 மில்லியன் ரொக்கம் சேர்ந்து 750. அதை 600-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 1.25. இறங்கவில்லை, ஏறுகிறது. காரணம், வாரண்ட் வைத்திருந்தவர்கள் 35 சென் பெறுமானமுள்ள ஒன்றைக் கொடுத்து 25 சென் லாபத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரண்டுக்கு அப்படி இழந்த 10 சென், மொத்தம் 20 மில்லியன், பழைய பங்குதாரர்களுக்கு 5 சென் வீதம் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் ஒருவர் மட்டும் மாற்றினால் இன்னும் மோசம். 1.00 கட்டி 1.20 பங்கு வாங்குவீர்கள், கையில் மிஞ்சும் உள்மதிப்பு 20 சென். சந்தையில் விற்றால் 35 சென். அந்த 15 சென்தான் மீதமுள்ள இரண்டு வருடத்தின் விலை, அதாவது கால மதிப்பு, பாரத்தில் கையெழுத்துப் போட்ட நொடியில் அது போய்விடும். வெளியேற நினைத்தால் விற்றுவிடுங்கள். வாரண்ட், உள்மதிப்புக்கும் கீழே விலை போனாலோ, மீதி கால மதிப்பைவிடப் பெரிய டிவிடெண்ட் வரப்போகிறது என்றாலோதான் முன்கூட்டி மாற்றுவதை யோசிக்கலாம்.

செந்தூலிலிருந்து: என்னிடம் பெயரின் முடிவில் C வரிசைக் குறி உள்ள வாரண்ட் இருக்கிறது. ஜெலுத்தோங் நண்பர் மாதிரி நானும் எக்சர்சைஸ் பணம் தயார் பண்ண வேண்டுமா?

வேண்டாம். உங்களுடையது வேறு சாமான். அதை வெளியிட்டது ஒரு முதலீட்டு வங்கி, பங்கின் சொந்த நிறுவனத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் முதிர்வில் லாபம் இருந்தால் ரொக்கமாகக் கணக்கில் போடுவார்கள், இல்லையென்றால் பூஜ்யம். புதுப் பங்கு வராது, அதனால் நீர்த்தலும் இல்லை. ஒரு பங்குக்கு எத்தனை வாரண்ட் என்ற மாற்று விகிதத்தை மட்டும் மறக்காதீர்கள். விகிதம் 5 என்றால், பங்கு 10 சென் ஏறினாலும் முதிர்வில் ஒரு வாரண்டுக்குச் சேர்வது 2 சென்தான்.

பட்டர்வொர்த்திலிருந்து: ஜெலுத்தோங் நண்பரின் வாரண்டை பிளாக்-ஷோல்ஸ் என்ற ஆப்ஷன் விலைச் சூத்திரத்தில் போட்டேன். கடந்த மூன்று மாத ஏற்ற இறக்கம் 55 சதவீதம், வட்டி 3 சதவீதம், டிவிடெண்ட் இல்லை என்று வைத்தால் 47 சென் வருகிறது. 35-க்குக் கிடைப்பது மலிவு இல்லையா?

கணக்கு சரி. 55 என்ற எண்தான் கேள்வி. அதே சூத்திரத்தில் 30 சதவீதம் போடுங்கள், 34 சென் வரும். சந்தை கிட்டத்தட்ட அதைத்தான் நம்புகிறது. மூன்று மாதப் பரபரப்பு இரண்டு வருடம் நீடிக்கும் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. நீண்டகாலப் பதிவைப் பார்ப்பேன்.

பட்டர்வொர்த் மறுபடியும்: ஆனால் தொழிலே மாறியிருக்கும் நிறுவனத்துக்குப் பழைய பதிவு எதற்கு? புது எண்தானே உண்மை?

நியாயமான வாதம், இதில் என்னிடம் முடிவான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பட்டியலிட்ட ஆப்ஷன் விலை ஏறிப்போனால் எழுதி விற்பவர்கள் வந்து அதை இறக்குவார்கள். நிறுவன வாரண்டைக் கையில் இல்லாமலே விற்று ஷார்ட் பண்ணச் சாதாரண முதலீட்டாளருக்கு வழியில்லை. அதனால் தப்பான விலை நாள்கணக்கில் அப்படியே நிற்கும். மலிவு என்று நீங்கள் கண்டுபிடித்தது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சந்தை ஒத்துக்கொள்ளும் நாள் முதிர்வுக்கு முன் வராமல் போகலாம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: நான் ஓய்வு பெற்றவன் அம்மா. LA என்று முடியும் ஐகுல்ஸ் 10,000 யூனிட், 92 சென்னுக்கு வாங்கினேன். முகமதிப்பு 1 ரிங்கிட், வருடம் 5 சதவீத வட்டி, மூன்று வருடம் பாக்கி. ஒரு யூனிட்டுக்கு ஒரு பங்கு, பங்கு இப்போது 70 சென். பங்கு ஏறாவிட்டாலும் முதிர்வில் என் 10,000 ரிங்கிட் வந்துவிடும், இல்லையா?

வராது ஐயா. ஐகுல்ஸ் என்பதே பங்காக மாறும், மீட்க முடியாத கடன் பத்திரம். முதிர்வு நாளில் நிறுவனம் பணம் திருப்பித் தராது, யூனிட்டுகள் தானாகப் பங்காக மாறும். மாற்றுவதா வேண்டாமா என்ற தேர்வு கடைசியில் உங்களிடம் இல்லை.

அதனால் விலை போடும் முறையும் மாறுகிறது. உங்களிடம் இருப்பது மூன்று வருடம் கழித்து வரும் பங்கு, அதுவரை வரும் வட்டி. நிறுவனம் டிவிடெண்ட் தருவதில்லை என்று வைத்தால் பங்கு 70 சென், மூன்று வருட வட்டியின் இன்றைய மதிப்பு, வருடம் 8 சதவீதம் கழித்துப் பார்த்தால், சுமார் 13 சென். ஆக 83 சென். டிவிடெண்ட் தந்தால் உங்களுக்குக் கிடைக்காத அந்தத் தொகையையும் கழிக்க வேண்டும்.

மீட்கக்கூடிய மாற்றுப் பத்திரமாக இருந்தால் கதை வேறு. முதிர்வில் 1 ரிங்கிட் திரும்பும், அதன் இன்றைய மதிப்பு 79 சென், வட்டி 13, ஆக 92 சென் என்ற தரை. அதற்கு மேல் மாற்றும் உரிமைக்குத் தனி விலை. நீங்கள் கொடுத்த 92 சென் அந்தத் தரை விலையேதான். இல்லாத தரைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பங்கு 70-லேயே நின்றால் பங்காக 7,000, வட்டியாக 1,500, மொத்தம் 8,500 ரிங்கிட். போட்டது 9,200. உண்மையான தரைகூட நிறுவனத்தின் கடன் நாணயத்தைப் பொறுத்தது: பங்கு சரியும் நேரத்தில் கடன் கட்டும் சக்தியும் சரிந்தால் தரையும் கூடவே இறங்கும்.

இன்றைய விலையையும் பங்கு விலையோடு மீதி வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னும் 90-க்கு மேல் வாங்க ஆள் இருந்தால், நானாக இருந்தால் விற்றுவிட்டு, அந்த நிறுவனம் பிடித்திருந்தால் பங்கையே வாங்குவேன்.

அம்பாங்கிலிருந்து: அப்பா தவறிவிட்டார். அவருடைய பங்குகள் இருக்கும் சி.டி.எஸ். கணக்கில் WA 20,000 இருந்தது. கடிதங்கள் பழைய வீட்டு முகவரிக்கே போயிருக்கின்றன. முதிர்வு போன மாதம் முடிந்துவிட்டது. ஏதாவது மீட்க முடியுமா?

முடியாதம்மா, வருந்துகிறேன். நிறுவன வாரண்ட் C வகை மாதிரி தானாக ரொக்கம் தராது. பாரமும் பணமும் முதிர்வு நாளுக்குள் பதிவாளரிடம் போய்ச் சேராவிட்டால் உரிமை செல்லாததாகிவிடும், எவ்வளவு லாபத்தில் இருந்தாலும் சரி. வர்த்தகமும் முதிர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே நின்றுவிடும், கடைசி நாளில் விற்கலாம் என்று காத்திருக்கவும் வழியில்லை. அதே கணக்கில் வேறு WA, WB அல்லது ரைட்ஸ் உரிமை ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே அறிக்கை எடுத்துப் பாருங்கள். இருந்தால் முதிர்வு தேதியைக் குறித்துக்கொண்டு, வாரிசு மாற்றத்துக்கான பத்திரங்களோடு தரகு நிறுவனத்துக்கு நேரில் போங்கள். அந்த மாற்றம் முடியச் சில மாதங்கள்கூட ஆகலாம், தேதி உங்களுக்காக நிற்காது.